கணக்கு முடிஞ்சிருச்சு: நண்பரின் புதிர் ஸ்டேட்டஸைப் படிக்கும் முறை

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். உங்கள் பள்ளித் தோழர் பந்தலூரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. நாற்பதைத் தாண்டியவர். நீங்கள் ஊரை விட்டு வந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். ஜூலை மாதம், இரவு 11.40. அவர் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸ் போடுகிறார். மழையில் நனையும் லைன் வீடுகளின் படம், அதன்மேல் இரண்டே வரி: “கணக்கு முடிஞ்சிருச்சு. இனி யாருக்கும் பாரமில்ல.” நீங்கள் அதைப் பார்ப்பது மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது.

கேட்கலாமா, விடலாமா என்ற குழப்பம் வருவதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிடுகிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். அதை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல், போட்டவருக்குத் தெரியும். அதில் உங்கள் பெயரும் ஏறிவிட்டது. படித்ததற்கான நீல டிக்கை நீங்களோ அவரோ அணைத்து வைத்திருந்தால் ஒழிய, நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆகவே பேசாமல் இருப்பதையும் அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். மனம் உடைந்து கிடப்பவர் அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். பார்த்தவர்கள் நாற்பது பேர், கேட்டவர் யாருமில்லை என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்டேட்டஸைத் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் காட்டலாம், சிலரை மட்டும் விலக்கலாம், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் காட்டலாம். நீங்கள் பார்த்தது ஊரே பார்த்ததா, நான்கு பேருக்கு மட்டும் போட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பழைய வகுப்பு நண்பர்கள் குழுவில் “இவனுக்கு என்னடா?” என்று போடாதீர்கள். பந்தலூர் மாதிரி ஊரில் அது பத்து நிமிடத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விடும். அடுத்த முறை அவர் உங்களை விலக்கிவிட்டுத்தான் ஸ்டேட்டஸ் போடுவார்.

முதலில் தேதி, அப்புறம்தான் வரி

புதிர் வரியைப் பார்த்ததும் நாம் செய்வது, அதன் சொற்களைத் தோண்டுவது. அதற்கு முன் தேதியைப் பார்க்க வேண்டும். அந்த வாரம் அந்த ஊரில் என்ன நடந்தது?

2024 ஜனவரி முதல் வாரத்தில் பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஊரே கடையடைத்துச் சாலைக்கு வந்தது. அந்த நாட்களில் ஒருவர் வெறும் கறுப்புப் படத்தைப் போட்டிருந்தால் அது தனிமனிதப் புதிர் இல்லை, ஊரின் துக்கம். அதே ஆண்டு ஜூலை 30 அதிகாலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்தது. பந்தலூர்க்காரர்களில் பலருக்கு அங்கே பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு உண்டு. அந்த வாரம் “எல்லாம் போச்சு” என்று ஒரு மலையாளப் பாட்டோடு வந்த ஸ்டேட்டஸுக்கு, காதல் தோல்வியா என்று விசாரித்தவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நம் உதாரணத்துக்கும் இப்படி ஒரு சூழல் உண்டு. இந்தப் பகுதியின் தோட்டங்களில் பல, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயுடையவை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டது அது. டான்டீயோ தனியார் தோட்டமோ, வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. வேலை முடிந்தால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் முதலில் கேட்டதே, எங்கள் வீடு என்ன ஆகும் என்பதுதான்.

இந்தச் சூழலில் “கணக்கு முடிஞ்சிருச்சு” என்பது அன்றாடப் பேச்சு. வேலையிலிருந்து நின்று, வரவேண்டியதை வாங்கிக்கொள்வதை அப்படித்தான் சொல்வார்கள். கூடவே உள்ள லைன் வீட்டுப் படம் அந்த அர்த்தத்தைத்தான் தாங்கிப் பிடிக்கிறது. வெளியூர்க்காரர் பதறிப்போகும் முதல் வரி, ஊர்க்காரருக்கு ஒரு தகவல். கவலைப்பட வைக்க வேண்டியது இரண்டாவது வரி.

“இனி யாருக்கும் பாரமில்ல.” தற்கொலை எண்ணத்தைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். நான் மற்றவர்களுக்குச் சுமை, நான் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்ற நினைப்பு அதன் மையத்தில் இருக்கிறது. கோபம், சலிப்பு, “வெறுத்துப் போச்சு” என்பதெல்லாம் எல்லாரும் எழுதுவது. பாரம், தொல்லை, நான் இல்லேன்னா நல்லாருப்பாங்க என்ற தொனி வந்தால் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். விடைபெறுவது, காரணமில்லாமல் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது, ஆசையாய் வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, நெடுநாள் கொந்தளிப்புக்குப் பிறகு திடீரென்று வரும் அமைதி ஆகியவையும் இதே வகை. இவை இருந்தாலே ஆபத்து நிச்சயம் என்று அர்த்தமில்லை. ஆனால் சும்மா விட்டுவிடக் கூடாது என்பது நிச்சயம்.

மூன்றாவதாக, அவர் வழக்கத்தைப் பாருங்கள். தினமும் சோகப் பாட்டுப் போடுகிறவர் இன்றும் சோகப் பாட்டுப் போட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் வடிவேலு மீம் போடுகிறவர் நள்ளிரவில் இரண்டு வரி எழுதினால் அது செய்தி. பார்க்க வேண்டியது வரியின் கனத்தை அல்ல, வழக்கத்திலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை.

இவ்வளவு பார்த்த பிறகும் உங்கள் ஊகத்தை அதிகம் நம்பாதீர்கள். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மின்னஞ்சலில் எழுதிய வாக்கியம் கிண்டலா, நிஜமா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பெறுபவர்கள் ஏறக்குறைய 78 சதவீதம் சரியாகப் பிடித்துவிடுவார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். பெற்றவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் 50 வந்திருக்கும். ஒரே நேரத்தில் எழுதியவர் தன் மனசு புரிந்திருக்கும் என்றும், படித்தவர் தனக்குப் புரிந்துவிட்டது என்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே படித்துக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. கேட்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் அளவுக்குப் படித்தால் போதும்.

என்ன எழுதுவது

நம் உதாரணத்தில் கேட்டே ஆக வேண்டும். எப்படி?

“என்னாச்சு?” என்று ஒற்றைச் சொல் அனுப்பினால் “ஒண்ணுமில்ல” என்று ஒற்றைச் சொல் திரும்பி வரும். அந்தக் கேள்விக்கு அதைவிடச் சுலபமான பதில் கிடையாது. கைகூப்பும் படமும், அழுகிற முகமும் இன்னும் மோசம். பார்த்துவிட்டேன், ஆனால் பேச நேரமில்லை என்று சொல்வதாகிவிடும். “தைரியமா இரு மச்சான், எல்லாம் சரியாயிடும்” என்பது, எது சரியாக வேண்டும் என்று தெரியாமலே கொடுக்கிற ஆறுதல். “வீட்ல சண்டையா?” என்று ஊகத்தை நீட்டினால், அது தவறாக இருக்கும்போது அவர் உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார், சரியாக இருக்கும்போது, ஊருக்குத் தெரிந்துவிட்டதோ என்று கூசுவார்.

நல்ல பதிலில் மூன்று விஷயம் இருக்கும். எந்த வரி உங்களை நிறுத்தியது, அதைப் படித்து உங்களுக்கு என்ன தோன்றியது, அடுத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள். இப்படி:

“டேய், ராத்திரி நீ போட்டதை இப்பத்தான் பார்த்தேன். கணக்கு முடிச்சது புரியுது. ‘யாருக்கும் பாரமில்ல’ன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பத்து மணிக்கு டீ பிரேக். அப்ப கூப்பிடுறேன், எடு.”

இதில் கேள்விக்குறியே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் உடனே பதில் தயாரிக்க வேண்டியதில்லை. நேரம் குறித்துவிட்டதால் நீங்கள் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிடாவிட்டால் எழுதாமலே இருந்திருக்கலாம். ஸ்டேட்டஸிலிருந்து பதில் எழுதினால் அது அவருக்குத் தனிச் செய்தியாகத்தான் போகும், வேறு யாருக்கும் தெரியாது. ஃபேஸ்புக்கில் இதே வரி வந்திருந்தால் கீழே எல்லார் கண்ணிலும் படும்படி எழுதாமல் தனிச் செய்திக்குப் போய்விடுங்கள். பொதுவில் கேட்டால் பொதுவுக்கு ஏற்ற பதில்தான் வரும்.

செய்தி ஒற்றை டிக்கிலேயே நின்றால்? பந்தலூரில் ஜூலை மாத மழைக்கு மரம் விழும், மின்சாரம் போகும், டவர் படுத்துவிடும். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் முழு வீச்சில் இருக்கும் இடம். போன் சார்ஜ் இல்லாமல் கிடப்பது அங்கே சாதாரணம். ஒற்றை டிக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, நல்லதற்கும் கெட்டதற்கும். இரண்டு டிக் விழுந்து பதில் இல்லையென்றாலும் அப்படியே. பாரம் என்ற மாதிரி வரி இருக்கும்போது டிக்கைப் பார்த்துக்கொண்டு நாளை ஓட்டாமல், பக்கத்து லைனில் அவரோடு பழகும் ஒருவரைக் கூப்பிடுங்கள். “ஸ்டேட்டஸ் பார்த்தியா?” என்று கேட்க வேண்டாம். “அவன் போன் கிடைக்கல, ஒரு எட்டுப் போய் என்னைக் கூப்பிடச் சொல்லு” என்றால் போதும். அவருக்கு ஆள் வந்து சேரும், கதை பரவாது.

நேராகக் கேட்பது

போன் கிடைத்துவிட்டது. கணக்கு முடிந்த கதை, வீடு காலி செய்கிற கதை எல்லாம் சொல்கிறார். குரல் தட்டையாக இருக்கிறது. பாரம் என்ற வரிக்கு வந்தால் பேச்சை மாற்றுகிறார். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சுற்றி வளைப்பார்கள்: “தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டல்ல?” அந்தக் கேள்வியிலேயே மாட்டேன் என்ற பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அதையே சொல்லிவிடுவார்.

நேராகக் கேட்க வேண்டும். “நேராவே கேக்குறேன்டா. செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளிவந்த ஆய்வுரை, கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை என்றே முடிக்கிறது. கேட்டபின் பேசாமல் இருங்கள். அமைதி நீண்டால் நீளட்டும்.

“இல்லடா, மனசு கனமா இருந்துச்சு, அவ்ளோதான்” என்றால் அதை நம்பலாம். ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். “தோணுது” என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே தன்னைப் பாரம் என்று நினைப்பவருக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். ஆம் என்றால், அந்த நேரத்திலிருந்து அவர் தனியாக இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பவரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ சொல்லி, ஆபத்தானவற்றை, தோட்ட வீடுகளில் குறிப்பாகப் பூச்சிமருந்தை, அவர் கைக்கு எட்டாத வேறொரு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இந்த உந்துதல் பெரும்பாலும் அலையாக ஏறி இறங்கக்கூடியது. ஏறி நிற்கும் நேரத்தில் பொருள் கையில் இல்லாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது.

இரவு பகல் எந்நேரமும் கூப்பிடக்கூடிய எண் 14416. இது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. எண்ணை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடாமல், “நானும் லைன்ல இருக்கேன், சேர்ந்தே பேசலாம்” என்று கான்ஃபரன்ஸ் போட்டுக் கூப்பிடுங்கள். தனியாக அந்த எண்ணை அழுத்தும் தெம்பு அந்த நேரத்தில் பலருக்கு இருக்காது. இந்த நிமிடமே ஆபத்து என்றால் 108 அல்லது 112. மேல்சிகிச்சை என்றால் பந்தலூரிலிருந்து கூடலூர் வழியாக மலையேறி உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் அந்தப் பாதையை நம்ப முடியாது. ஆகவே தாமதிக்காதீர்கள்.

குடும்பத்தார் சில சமயம் ஆஸ்பத்திரி வேண்டாம் என்பார்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

சாடையாக வருவது

எல்லாப் புதிரும் இவ்வளவு கனமானதில்லை. முக்கால்வாசி சாடைதான். “கூட இருந்தே குழி பறிக்கிறவங்களுக்கு நன்றி” என்று வந்தால் அது ஒரே ஒரு ஆளுக்குப் போட்டது. மற்ற எல்லாரும் வேடிக்கை பார்ப்பவர்கள். முன்பு தண்ணீர்க் குழாயடியில் குடத்தைச் சத்தமாக வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசிய பேச்சு இப்போது போனுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. மகளிர் குழுக் கடனோ, சீட்டுப் பணமோ, நாத்தனார் பேச்சோ பின்னால் இருக்கும்.

அது உங்களுக்கு இல்லையென்றால் பெரும்பாலும் பதில் தேவையில்லை. “கரெக்டா சொன்னக்கா” என்று ஒரு தம்ஸ் அப் போட்டால்கூட யாரென்று தெரியாத ஒருவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அந்த ஒருவர் நாளை உங்களோடு ஒரே ஜீப்பில் உட்கார்ந்து வேலைக்கு வரக்கூடியவர். மிக நெருங்கியவர் போட்டதாக இருந்தால், இரண்டு நாள் கழித்து வேறு எதையோ பேசப்போய் அவராகச் சொன்னால் கேளுங்கள்.

உங்களுக்குத்தானோ என்று உறுத்தினால் எதிர் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ஒரே ஒரு தடவை, நேரிலோ போனிலோ: “அக்கா, நேத்து போட்டது என்னைப் பத்தியா? என் பக்கம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.” இல்லை என்றால் அத்தோடு விடுங்கள், அது பொய்யாகவே இருந்தாலும். கேட்டுவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும், அடுத்த சாடைக்கு அவர் கொஞ்சம் யோசிப்பார்.

வாரம் ஒரு புதிர் போடுபவர்களும் உண்டு. கேட்டால் சொல்ல மாட்டார்கள், கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். இவர்களை மியூட் செய்வதில் தவறில்லை என்பது என் கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஸ்டேட்டஸை மூடினால் ஆளையும் மூடிவிட வேண்டாம். ஸ்டேட்டஸ் எதுவும் வராத நாளில் நீங்களாகக் கூப்பிட்டு, மழை எப்படி, பச்சைக்கொழுந்து என்ன விலை போகிறது என்று பேசுங்கள். புதிர் போடாமலே கவனம் கிடைக்கும் என்றால் சிலருக்குப் புதிர் குறைகிறது. எல்லாருக்கும் அல்ல.

போட்ட வரியை அவரே அழித்துவிட்டால், ஏன் அழித்தாய் என்று கேட்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே சொன்னபடி கூப்பிட்டுவிடுங்கள். வெளிப்படையாகச் சொன்னதற்கு வெட்கப்பட்டு அழித்திருப்பார். அந்த வெட்கத்தோடு அவர் தனியாக இருக்கும் நேரத்தில்தான் போன் ஒலிக்க வேண்டும்.

நம் தோழர் விஷயத்தில், பேசிப் பார்த்தபின் அது வெறும் வேலைக் கணக்கு, வீடு மாறும் கலக்கம் என்று தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆறுதலைவிட விவரம் உதவும். பணிக்கொடை வந்துவிட்டதா? சட்டப்படி 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பி.எஃப். கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா? தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் பணம் அங்கேயே நின்றுவிடும். திருத்தத்துக்குத் தோட்ட அலுவலகத்தின் கையெழுத்து வேண்டியிருக்கலாம், அதை லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவதற்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.